லேப்டாப் கைமாறும்போது முதலில் மாற்ற வேண்டியது எதிர்முனைப் பூட்டு

கேள்வி: பழைய லேப்டாப்பைச் சொந்தக்காரப் பையனுக்குக் கொடுக்கப் போகிறேன். அதிலிருந்துதான் இத்தனை நாளும் ஒரு சர்வருக்கும் ஒரு கடைக் கணினிக்கும் ரிமோட்டில் போய்க்கொண்டிருந்தேன். ஃபார்மட் அடித்துக் கொடுத்தால் போதுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்:

போதாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஊர் பாளையங்கோட்டை. அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி மில்லின் கணக்குக் கணினியை ஏதாவது கோளாறு என்றால் வீட்டிலிருந்தே எனிடெஸ்க் என்ற ரிமோட் மென்பொருளில் பார்த்துக் கொடுப்பேன். அந்த மில்லின் பில் தகவல் தினமும் ஒரு சின்ன உபுண்டு சர்வரில் போய்ச் சேரும். அதையும் நான்தான் எஸ்எஸ்ஹெச் என்ற கட்டளைவரி இணைப்பில் போய்ப் பார்ப்பேன். அக்கா மகனுக்குத் தென்காசிப் பக்கம் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவசரத்தில் என் படங்களையும் கோப்புகளையும் அழித்தேன், உள்நுழையும் கடவுச்சொல்லை மாற்றினேன், லேப்டாப்பை அவன் கையில் கொடுத்துவிட்டேன். ஃபார்மட்கூடச் செய்யவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் மில் அண்ணாச்சியிடமிருந்து போன். "ஏலே, கணக்கப்பிள்ள சாப்பிடப் போயிருக்காரு, இங்க அம்புக்குறி தானா நடக்குது. நீயா பண்ணுத?"

நான் இல்லை. பையன் எனிடெஸ்க்கைத் திறந்திருக்கிறான், முன்பு போன கணினிகளின் கட்டங்கள் வரிசையாக இருந்திருக்கின்றன, என்னவென்று ஒன்றை அழுத்தியிருக்கிறான். கடவுச்சொல்லே கேட்கவில்லை. "மாமா, ஏதோ நெல்லுக் கணக்கு வருது, மூடிரட்டுமா?" என்று அவனே என்னைக் கேட்டான். அண்ணாச்சியிடம் நெட் கேபிளை உருவச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை பஸ் பிடித்து மில்லுக்குப் போனேன்.

கடவுச்சொல் ஏன் கேட்கவில்லை? முதல்முறை போகும்போது இனிமேல் தானாக உள்ளே விடு என்ற பெட்டியில் டிக் அடித்து வைத்திருந்தேன். அப்படிச் செய்தால் மில் கணினி ஒரு டோக்கனை என் லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும். அப்புறம் அந்த டோக்கன்தான் நுழைவுச்சீட்டு. லேப்டாப்பின் உள்நுழைவுக் கடவுச்சொல்லை நான் நூறு தடவை மாற்றினாலும் அது செல்லும். ஆகவே மாற்ற வேண்டிய இடம் மில் கணினி. அங்கே எனிடெஸ்க் அமைப்பில் பாதுகாப்புப் பக்கம் போய், ஆளில்லா நேர நுழைவுக்கான கடவுச்சொல்லைப் புதிதாக வைத்தேன், `Clear all tokens` என்ற பொத்தானையும் அழுத்தினேன். உடனே பையனுக்குப் போன் போட்டு மறுபடி அந்தக் கட்டத்தை அழுத்தச் சொன்னேன். இந்தத் தடவை கடவுச்சொல் கேட்டது. அதன் பிறகுதான் நிம்மதி.

அடுத்தது சர்வர். உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கியமான பகுதி இதுதான்.

எஸ்எஸ்ஹெச்சில் சாவி இரண்டு துண்டு. தனிச்சாவி உங்கள் லேப்டாப்பின் `.ssh` கோப்புறையில் இருக்கிறது. அதற்குப் பொருந்தும் பொதுச்சாவி சர்வரில் `authorized_keys` கோப்பில் ஒரு வரியாக இருக்கிறது. லேப்டாப்பை ஃபார்மட் அடித்தால் போவது அந்த லேப்டாப்பில் இருக்கும் தனிச்சாவிப் பிரதி மட்டும். வேறு பிரதிகள் எங்கெங்கே என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு யோசித்ததும் வியர்த்தது. இரண்டு வருஷம் முன்பு அதே லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டிருந்தேன். கழற்றிய டிஸ்க் சர்வீஸ் கடையிலேயே தங்கிவிட்டது. அதற்குள்ளும் அதே சாவி, சாவியைப் பூட்டும் கடவுத்தொடர் எதுவும் வைக்காமல். கையில் இருக்கும் லேப்டாப்பை எத்தனை தடவை துடைத்தாலும் அந்த டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. சர்வரில் அந்த ஒரு வரியை எடுத்தால் எல்லாப் பிரதிகளும் ஒரே நேரத்தில் செல்லாமல் போகும்.

ஆனால் எந்த வரியை எடுப்பது? சர்வரில் நான்கு வரிகள் இருந்தன. மூன்றின் கடைசியில் ஒரே பெயர், நான் எல்லாக் கணினியிலும் ஒரே பயனர்பெயரும் ஒரே கணினிப்பெயரும் வைக்கும் சோம்பேறி. பெயரை நம்பக் கூடாது, ஒவ்வொரு சாவிக்கும் உள்ள கைரேகையைப் பார்க்க வேண்டும். அதனால்தான் ஃபார்மட்டுக்கு *முன்னால்* இதைச் செய்யச் சொல்கிறேன். லேப்டாப்பைத் துடைத்தபின் எந்தச் சாவி அதனுடையது என்று கேட்க ஆளிருக்காது. லேப்டாப்பில் டெர்மினலைத் திறந்து, உங்கள் பயனர் கோப்புறையில் இருந்தபடி இதைக் கொடுங்கள்:

```
ssh-keygen -lf .ssh/id_ed25519.pub
```

கோப்பின் பெயர் உங்களிடம் `id_rsa.pub` என்றும் இருக்கலாம். `SHA256:` என்று தொடங்கும் நீண்ட எழுத்துக்கோவை வரும். அதுதான் கைரேகை. அப்புறம் சர்வரில்:

```
ssh-keygen -lf ~/.ssh/authorized_keys
```

ஒவ்வொரு வரிக்கும் ஒரு கைரேகை, கோப்பில் உள்ள அதே வரிசையில் வரும். எது ஒத்துப்போகிறதோ அதுதான் எடுக்க வேண்டிய வரி. முதல் நாலு எழுத்தோடு நிறுத்தாமல் முழுதாக ஒப்பிடுங்கள்.

எடுப்பதற்கு முன் இன்னும் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே சாவியை வேறெதாவது பயன்படுத்துகிறதா? உபுண்டு சர்வரில் உள்நுழைவுப் பதிவு இதைச் சொல்லிவிடும்:

```
sudo grep "Accepted publickey" /var/log/auth.log
```

ஒவ்வொரு நுழைவுக்கும் எந்த ஐபி முகவரி, எந்தக் கைரேகை என்று அந்த வரிகளில் இருக்கும். லேப்டாப் தென்காசிக்குப் போய் நாலு நாளாகியும், என் பழைய கைரேகை தினமும் இரவு இரண்டு மணிக்கு மில்லின் ஐபியிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் பதறிவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, பில் தகவலை அனுப்பும் ஸ்கிரிப்டுக்கு என் சாவியையே நகலெடுத்துக் கொடுத்தவன் நான்தான். யோசிக்காமல் வரியை எடுத்திருந்தால் அன்றிரவிலிருந்து பில் வந்து சேராது. அண்ணாச்சி மாசக் கடைசியில்தான் கவனித்திருப்பார். மில் கணினிக்குத் தனியாகப் புதுச் சாவி போட்ட பிறகே பழைய வரியில் கை வைத்தேன்.

எடுக்கும்போது ஒழுங்கு இது: முதலில் புது லேப்டாப்பின் பொதுச்சாவியைச் சேருங்கள். இருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு சாளரத்தில் புதுச் சாவியால் உள்ளே போய்ப் பாருங்கள். போக முடிந்தால் மட்டும் பழைய வரியை எடுங்கள். இதை மாற்றிச் செய்துவிட்டு, தன் வீட்டுக்கு வெளியே நின்று தானே கதவைத் தட்டியவர்கள் நிறைய. ரூட் கணக்குக்கும் மற்றப் பயனர்களுக்கும் தனித்தனி `authorized_keys` இருக்கும். அவற்றிலும் அதே கைரேகையைத் தேடுங்கள். கிட்ஹப் மாதிரி இடங்களில் அதே பொதுச்சாவியை ஏற்றியிருந்தால் அங்கேயும் நீக்க வேண்டும்.

வரியை எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சாவியைச் சரிபார்ப்பது நுழையும் நேரத்தில் மட்டும்தான். ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பு அப்படியே நீடிக்கும். `who` கொடுத்து யார் யார் உள்ளே என்று பார்த்து, பழைய இணைப்பை முடித்துவிடுங்கள். கடைசியாகப் பழைய லேப்டாப்பிலிருந்தே ஒரு சோதனை:

```
ssh -o ControlPath=none -o IdentitiesOnly=yes -o PreferredAuthentications=publickey -i ~/.ssh/id_ed25519 பயனர்@சர்வர்
```

`Permission denied` என்று வர வேண்டும். `ControlPath=none` எதற்கு என்றால், சிலர் லினக்ஸில் ஒரு இணைப்பையே பல சாளரங்கள் பகிர்ந்துகொள்ளும்படி அமைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் பழைய இணைப்பின் முதுகில் ஏறி உள்ளே போய்விட்டு, சாவி இன்னும் வேலை செய்கிறது என்று குழம்புவீர்கள். இந்த வார்த்தைகள் எதுவும் இல்லாமல் வெறுமனே `ssh` கொடுத்தால், மறுத்த பின் கடவுச்சொல் கேட்கலாம். அது வேறு வாசல். லேப்டாப்பின் பிரவுசரிலோ மென்பொருளிலோ அந்தக் கடவுச்சொல்லைச் சேமித்திருந்தீர்கள் என்றால் அதையும் மாற்றத்தான் வேண்டும்.

சரி, எதிர்முனை முடிந்தது. இனி லேப்டாப். முழுதாகத் துடைக்கப் போகிறீர்கள் என்றால் இங்கே வேலை குறைவு. பையனிடம் கொடுத்தாயிற்று, அவன் அதில் பாடமெல்லாம் ஏற்றிவிட்டான், இப்போது துடைக்க முடியாது என்று என்னைப் போல மாட்டிக்கொண்டால் சில இடங்களைத் தேட வேண்டும். விண்டோஸில் `.ssh` கோப்புறையை அழித்தாலும், சாவிகளை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட்டில் ஒருமுறை சேர்த்த சாவி கணினியை அணைத்துப் போட்டாலும் அதற்குள்ளேயே இருக்கும். `ssh-add -l` கொடுத்துப் பாருங்கள், ஏதாவது வந்தால் `ssh-add -D`. புட்டி என்ற எஸ்எஸ்ஹெச் மென்பொருளில் சேமித்த செஷன்களை அழிக்க `putty -cleanup` போதும். ஆனால் நீங்கள் பதிவிறக்கக் கோப்புறையில் போட்டு மறந்த `.ppk` சாவிக் கோப்பை அது தொடாது. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் கடவுச்சொல்லை நினைவில் வைக்கச் சொல்லியிருந்தால் `cmdkey /list` கொடுத்தால் `TERMSRV/` என்று தொடங்கும் பெயரில் தெரியும். `cmdkey /delete:` என்பதை அடுத்து அந்தப் பெயரை எழுதி நீக்கலாம்.

துடைக்க முடிந்தால் விண்டோஸின் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் இருக்கும் `Clean data` தேர்வையும் போடுங்கள். அதைப் போடாவிட்டால் பெயருக்குத்தான் அழியும். மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் தோண்டி எடுக்கலாம். தனித்தனிக் கோப்பாக எழுதி எழுதி அழிக்கும் மென்பொருளை எஸ்எஸ்டியில் நம்ப வேண்டாம். மேலெழுதச் சொன்னாலும் எஸ்எஸ்டி புது எழுத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளும், பழையது எங்கோ கிடக்கும்.

இன்னொரு திசையும் உண்டு, பலர் யோசிப்பதில்லை. உங்கள் லேப்டாப்புக்குள் நீங்களே வெளியிலிருந்து வர எனிடெஸ்க்கையோ குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பையோ வைத்திருந்தால், துடைக்காமல் கொடுக்கும் பட்சத்தில் இனி அந்தப் பையனின் திரை உங்களுக்குத் தெரியும். நான் இதைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. உடனே அவன் கண் முன்னாலேயே அதை நீக்கி, என் கணக்கின் கணினிப் பட்டியலிலிருந்தும் அந்த லேப்டாப்பை எடுத்துக் காட்டினேன். "இப்போ நீங்க பார்க்க முடியாதுல்ல மாமா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டான்.