சயாம் ரயிலும் பாட்டியின் சாட்சியமும்

"அன்புள்ள ஐயா, ஜப்பான்காரன் வந்தபின் இரண்டாவது சித்திரையில் தோட்டத்து லயத்திலிருந்து தாத்தாவை லாரியில் ஏற்றி, ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று பாட்டி சொல்வார். அங்கே அவர் காலராவில் இறந்ததைத் திரும்பி வந்த ஒருவர் சொன்னாராம். தண்டவாளத்தின் அடியில் போட்ட 'கட்டைக்கு ஓர் உயிர் போச்சு' என்றும் சொல்வார். ஆவணம் இல்லாமல் இதை வரலாறாக எழுத முடியாது என்கிறான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகன். எதை ஏற்பது?"
– வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

பாட்டி சொன்ன மூன்று செய்திகளுக்கும் ஒரே மதிப்பு கிடையாது என்பதால், அவற்றைத் தனித்தனியாகவே எடைபோட வேண்டும்.

லாரி வந்ததை அவர் கண்ணால் பார்த்தார். ஆண்டை எண்ணாகச் சொல்லாமல், தாம் மறக்கவே முடியாத ஒரு நிகழ்வை வைத்துச் சொல்கிறார். ஜப்பானியர் மலாயாவில் இறங்கியது 1941 டிசம்பரில். ஆகவே இரண்டாவது சித்திரை 1943 ஏப்ரலில் பிறந்தது. அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட ரயில் பாதையை விரைந்து முடிப்பதற்காக மலாயாவிலிருந்து தொழிலாளர்களைப் பெருமளவில் கொண்டுசென்றதும் அந்தக் காலத்தில்தான். எந்த ஆவணத்தையும் பார்த்திராத ஒருவரின் நினைவு இப்படிப் பொருந்தும்போது அதை வலுவான சான்றாகவே கொள்ளலாம்.

காலராச் செய்தி அவர் பிறரிடம் கேட்டது. எனவே ஒரு படி தள்ளி வைக்க வேண்டியது. ஆயினும் 1943இன் மழைக்காலத்தில் அந்தப் பாதை நெடுகிலும் காலரா பரவியது எழுத்தில் பதிவாகியிருக்கிறது. சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து ஜப்பானியர் அனுப்பிய போர்க்கைதி மருத்துவக் குழுக்களும் ஆசியத் தொழிலாளர் முகாம்களின் நிலையை நேரில் கண்டன. இறந்த போர்க்கைதிகளின் பெயர்களை அவர்களுடைய அதிகாரிகள் இரகசியமாகக் குறித்து வைத்ததால், போருக்குப் பின் அவர்களுடைய புதைகுழிகளைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. நம்மவர்களுக்கு அப்படிப் பட்டியல் எழுத யாரும் இருக்கவில்லை. தாத்தாவின் பெயர் தாளில் இல்லாததற்குக் காரணம் அதுதானே தவிர, அவர் அங்கே போகவில்லை என்பதன்று. இதை உங்கள் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

கட்டைக்கு ஓர் உயிர் என்பது பாட்டி கண்டதும் அல்ல, கேட்ட செய்தியும் அல்ல. பலர் வாயில் உருண்டு திரண்ட கணிப்பு. பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மீட்டருக்கு ஒரு கட்டை என்று குறைத்துக் கணக்கிட்டாலும் நான்கு லட்சத்துக்கு மேல் வரும். மாண்ட கைதிகள் 12,000க்குச் சற்று அதிகம். ஆசியத் தொழிலாளர்களின் சாவை ஏறத்தாழ 90,000 என மதிப்பிடுகிறார்கள். ஆகவே இந்த வாக்கை எண்ணிக்கைக்குச் சான்றாக வைக்க முடியாது. உயிர் தப்பியவர்கள் அந்தச் சாவை எப்படி உணர்ந்தார்கள் என்பதற்குச் சான்றாக வைக்கலாம். அதற்காக 90,000 என்பதைத் துல்லியமான எண்ணாகவும் கொள்ள வேண்டாம். எழுத்தில் இருந்தாலும் அதுவும் மதிப்பீடுதான்.

திரும்பி வந்தவரின் தோட்டம் எது, எந்த முகாமில் இருந்தார், எப்போது சொன்னார் என்பதைப் பாட்டி சொல்லக் கேட்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். அதே செய்தி இன்னொரு குடும்பத்திலும் வழங்கினால், அவர்களுக்கு அதைச் சொன்னவர் யார் என்றும் விசாரியுங்கள். இரு குடும்பங்களும் அதே மனிதரிடம் கேட்டிருந்தால் அது ஒரு சாட்சியமே. வெவ்வேறு ஆள்களிடம் கேட்டிருந்தால்தான் அதை இரண்டாக எண்ண வேண்டும்.