ரயில் டிக்கெட்டிலும் ஆஸ்பத்திரி டியூட்டி லிஸ்டிலும் 0015, 1945 என்று 24 மணி நேரக் கணக்கில் போடுகிறார்களே, அதை எப்படிப் படிப்பது?

கடைசி இரண்டு இலக்கம் நிமிடம், அதற்கு முன்னால் உள்ளது மணி. மணி 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் 12-ஐக் கழியுங்கள். 1945 என்றால் இரவு 7.45. 0730 அப்படியே காலை ஏழரை. 1230 பகல் பன்னிரண்டரை, அதில் கழிக்க ஒன்றுமில்லை.

இதில் யாரும் தடுமாறுவதில்லை. ஆளைக் கவிழ்ப்பது 00-தான். 0015 என்பது நள்ளிரவு தாண்டி 15 நிமிடம், தேதியும் மாறியாகிவிட்டது.

நான் ஸ்டாஃப் நர்ஸ். தினமும் இந்த நேரத்தை எழுதுகிறவள்தான். ஆனாலும் ஒருமுறை 15-ஆம் தேதி, 0015 என்றிருந்த டிக்கெட்டோடு 15-ஆம் தேதி இரவு பதினொன்றரைக்கு ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். டிக்கெட்டைப் பார்த்த டிடிஇ, "இது நேத்து ராத்திரியே போயிருச்சேம்மா" என்றார். 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். நம் பேச்சில் விடியும்வரை 'இன்னிக்கு ராத்திரி'தான். பஞ்சாங்கத்துக்கும் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். டிக்கெட்டுக்கு அந்தக் கணக்கு கிடையாது. முன்பதிவு செய்யும்போதும், வண்டி முதல் ஊரில் கிளம்பும் தேதியைப் போடாமல், அது உங்கள் ஊருக்கு வரும் தேதியைப் போட வேண்டும்.

டியூட்டி லிஸ்ட் இதற்கு நேர் எதிர். 14-ஆம் தேதிக் கட்டத்தில் 1945–0730 என்றிருந்தால், நைட் டியூட்டி 14-ஆம் தேதி இரவு தொடங்கி 15 காலையில் முடியும். கட்டம் தொடங்கும் நாளுக்குச் சொந்தம். ஆனால் அதே டியூட்டியில் 0015-க்கு ஊசி போட்டால், கேஸ் ஷீட்டில் எழுத வேண்டிய தேதி 15. புதிதாக வருகிற பிள்ளைகள் பழக்கதோஷத்தில் 14 என்றே எழுதுவார்கள். அடுத்த பக்கத்தைப் படிப்பவருக்கு, ஒரு நாள் முன்பே ஊசி போட்டதுபோல் தெரியும்.

அப்புறம், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடும்போது 2400-இலிருந்து 1945-ஐ அப்படியே கழித்தால் 455 வரும். அது தப்பு, ஏனென்றால் ஒரு மணிக்கு நூறு நிமிடம் இல்லை. 2400-ஐ 2360 என்று மாற்றி எழுதிக் கழியுங்கள்: 415, அதாவது 4 மணி 15 நிமிடம். நள்ளிரவுக்குப் பிறகு உள்ள 7 மணி 30 நிமிடத்தையும் கூட்டினால் 11 மணி 45 நிமிடம்.

லிஸ்ட்டை எக்ஸெலில் போடுகிறவர்களுக்கு ஒன்று. 0015 என்று தட்டினால் முன்னால் உள்ள சைபர்களை அது விழுங்கிவிட்டு வெறும் 15 என்று காட்டும். அதைப் பார்த்து 15 மணி, அதாவது மதியம் மூன்று என்று நினைத்தவர்கள் எங்கள் வார்டிலேயே உண்டு. தட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட் ஆக மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே விழுங்கியிருந்தால், எண் A1-இல் இருக்கும்போது பக்கத்துக் கட்டத்தில் இதைப் போட்டால் நான்கு இலக்கமும் திரும்ப வந்துவிடும்:

```
=TEXT(A1,"0000")
```