காசு கொடுத்தாச்சு, லோகோ யாருடையது?

கொழும்பில் 14 வருஷமாக டிசைன் வேலை செய்கிறேன். இப்போது மற்ற டிசைனர்களுக்கும் வேலை கொடுப்பதால் மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பார்த்திருக்கிறேன். சட்டத்தரணி இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வெள்ளவத்தையில் புடவைக்கடை: அக்கா, ஒரு தம்பியிடம் லோகோவும் 5 பக்க வெப்சைட்டும் செய்விக்கிறேன். மொத்தம் 150,000 ரூபாய். ஒரு பக்கத்துக்குள் ஒப்பந்தம் எழுதி முடிக்கலாமா?

முடிக்கலாம். "லோகோ, வெப்சைட்" என்று இரண்டு சொல்லில் விட்டுவிடாதீர்கள், சண்டை அங்கேதான் தொடங்கும். கடைசி நாளில் உங்கள் கைக்கு என்னென்ன வர வேண்டும் என்று எழுதுங்கள். லோகோ என்றால் ஒரு இறுதி வடிவம், கலரிலும் கறுப்பு வெள்ளையிலும். அத்துடன் `.ai`, `.svg`, `.png` மூன்று வகைக் கோப்பும் வேண்டும். `.png` பெரிதாக்கினால் மங்கிவிடும், அதை மட்டும் வாங்கியவர் பெயர்ப்பலகை அடிக்கப் போகும்போது அச்சகத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

வெப்சைட்டுக்கு 5 பக்கங்களின் பெயரையும் எழுதுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டுமென்றால் எழுத்தை யார் தருவது, எழுத்துப்பிழை யார் பார்ப்பது என்பதும் வேண்டும். "தமிழ் எழுத்து யுனிகோடில் இருக்க வேண்டும்" என்ற வரியை நான் எப்போதும் சேர்ப்பேன். ஒரு தடவை பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டார்கள். போனில் திறந்தால் "வணக்கம்" இருக்க வேண்டிய இடத்தில் `tzf;fk;` என்று கிடந்தது. செய்தவர் "என் கணினியில் சரியாகத்தானே தெரிகிறது" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை, அவரிடம் அந்த எழுத்துரு இருந்தது.

கொட்டாஞ்சேனை, வீட்டிலிருந்து வேலை: நான் செய்து கொடுக்கிற பக்கம். "2 திருத்தம்" என்று எழுதித்தான் வாங்கினேன். 11 தடவை மாற்றியாச்சு. ஒவ்வொன்றும் சின்னது என்கிறார்கள்.

இரண்டு என்று எழுதினீர்கள், எது ஒன்று என்று எழுதவில்லை. காலையில் முதலாளி குரல் செய்தி அனுப்புவார், மத்தியானம் அவருடைய அண்ணர், இரவில் மனைவி. அவர்களுக்கு அது ஒரே திருத்தம், உங்களுக்கு மூன்று. நான் இப்படி எழுதுவேன்: "ஒரு சுற்றுத் திருத்தம் என்பது, வாடிக்கையாளர் சார்பில் பெயர் குறிப்பிட்ட ஒருவர், வடிவம் கிடைத்து 5 வேலை நாட்களுக்குள், எழுத்தில், ஒரே பட்டியலாக அனுப்புவது. 2 சுற்றுகள் விலைக்குள் அடங்கும். அதற்கு மேல் மணிக்கு 2,000 ரூபாய்." தொகை உங்கள் விருப்பம்.

இன்னொன்றையும் சேருங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு யோசனையையே மாற்றினால் அது புது வேலை. மயில் வேண்டும் என்றார்கள், வரைந்தீர்கள், சரி என்றார்கள். பிறகு தாமரை கேட்டால் அது மூன்றாவது சுற்றுக்கூட இல்லை, புது விலை. ஆனால் உங்கள் கவனக்குறைவால் வந்த பிழை எந்தச் சுற்றிலும் சேராது. கடையின் போன் இலக்கத்தைப் பிழையாகப் போட்டுவிட்டு அதைத் திருத்துவதை ஒரு சுற்றாக எண்ண முடியாது.

தெஹிவளை: நாங்கள் காசு கொடுத்துச் செய்விச்சால் அது எங்களுடையதுதானே? சட்டத்திலும் அப்படித்தான் என்று மச்சான் ஒருவர் சொன்னார்.

மச்சான் சொன்னது பெரும்பாலும் சரி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில், சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையின் பகுதியாகச் செய்ததன் பொருளாதார உரிமை, அதாவது அதைப் பிரதி செய்யவும் விற்கவும் உள்ள உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். வெளியில் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்த உரிமை செய்வித்தவருக்கே. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் உரிமை டிசைனரிடமே நிற்கும். அப்படி நிற்பதை உங்களுக்கு மாற்ற எழுத்து வேண்டும், இரண்டு பேரின் கையொப்பமும் வேண்டும். குறிப்பிட்டுச் சொல்லாத உரிமை சேர்ந்து வராது. "எல்லாம் எங்களுக்கு" என்று பொதுவாக எழுதாமல் இப்படி எழுதுங்கள்: "முழுத் தொகையும் கிடைத்த நாளில், இறுதி லோகோவையும் தளத்தின் வடிவமைப்பையும் பிரதி செய்ய, மாற்ற, பொதுமக்களுக்கு வெளியிட, விற்பனைப் பொருட்களில் பயன்படுத்த உள்ள பொருளாதார உரிமைகள் அனைத்தும் வாடிக்கையாளருக்கு மாற்றப்படுகின்றன."

நீங்கள் தெரிவு செய்யாமல் விட்ட வரைவுகள் டிசைனருக்கே என்றும் எழுதுங்கள். எழுத்துரு, வாங்கிய புகைப்படம் போன்றவற்றை அவராலும் மாற்றித் தர முடியாது. அவற்றின் அனுமதியை யார் பெயரில், யார் காசில் வாங்குவது என்று ஒரு வரி போதும்.

மருதானை: எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. "ஓகே" என்று அனுப்பியது கையொப்பம் ஆகாதா?

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணு ஒப்பந்தத்தையும் கையொப்பத்தையும் ஏற்கிறது. வேலை செய்யச் சொன்னது, விலை பேசியது ஆகியவற்றுக்கு வாட்ஸ்அப் நல்ல சாட்சி. உரிமை மாற்றத்துக்கு ஒரு "ஓகே" போதுமா என்றால் நான் அதை நம்பி இருக்க மாட்டேன். பிடிஎப்பில் கையொப்பம் வைத்து இரண்டு பேரும் மின்னஞ்சலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

மருதானை, திரும்பவும்: எனக்குத் தெரிந்த சட்டத்தரணி போதும் என்கிறாரே.

இருக்கலாம். அவரோடு வாதாட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கையொப்பம் வைக்க 5 நிமிஷம் போதும்.

பெயர் வேண்டாம்: நொத்தாரிசிடம் போக வேண்டுமா?

காணி விற்றால் வேண்டும். இதற்கு வேண்டாம்.

வெள்ளவத்தையில் புடவைக்கடை: தம்பி பாதிக் காசு முதலில் கேட்கிறார். வேலையை விட்டுவிட்டுப் போனால்?

உங்கள் 150,000ஐ இப்படிப் பிரியுங்கள். தொடங்க 60,000, லோகோவும் முகப்புப் பக்கமும் நீங்கள் ஏற்றதும் 45,000, தளம் சோதனை முகவரியில் முழுதாக ஓடுவதைப் பார்த்த பிறகு 45,000. கடைசித் தொகை வந்ததும் மூலக் கோப்புகளும் உரிமையும் உங்களுக்கு. அவர் நடுவில் நின்றால், காசு கொடுத்த கட்டம் வரையான கோப்புகளும் உரிமையும் உங்களுக்கு என்று எழுதுங்கள். மேலே சொன்ன "முழுத் தொகையும் கிடைத்த நாளில்" என்ற வரியோடு இது முட்டும். அதனால் "வேலை இடையில் நின்றால் தவிர" என்று அங்கே சேர்க்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தால் அவர் காசு தொங்கும். அனுப்பி 10 வேலை நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் அந்தக் கட்டம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று அவர் கேட்டால் மறுக்காதீர்கள். நானும் கேட்பேன்.

பம்பலப்பிட்டி: லோகோவைப் பதிவு செய்ய எங்கே போக வேண்டும்?

நீங்கள் கேட்பது வியாபாரக் குறி, அது தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில். பதிப்புரிமைக்குப் பதிவே தேவையில்லை. ஆனால் குறிக்கு விண்ணப்பிக்க முன் டிசைனரின் உரிமை மாற்றக் கடிதத்தை வாங்கி வையுங்கள்.

கொட்டாஞ்சேனை, வீட்டிலிருந்து வேலை: நான் செய்த லோகோவை என் தளத்தில் காட்டலாமா?

எழுதிக் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லும் உரிமை தார்மீக உரிமை, அது பொருளாதார உரிமையோடு போவதில்லை. படத்தையே காட்டுவது வேறு, அதற்கு அனுமதி வேண்டும். "தளம் வெளியான பிறகு காட்டலாம்" என்ற வரியைப் பெரும்பாலானோர் சிரித்துக்கொண்டே ஏற்பார்கள்.

தெஹிவளை: டொமைன் அவர் பெயரில் எடுத்துவிட்டார். ஒப்பந்தத்தில் எழுதினால் சரிவருமா?

எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பதிப்புரிமை மாறினாலும் டொமைன் கணக்கு அவரிடமேதான் இருக்கும். இப்போதே பதிவை உங்கள் பெயருக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் மாற்றச் சொல்லுங்கள். ஹோஸ்டிங் கணக்கையும் அப்படியே. இரண்டிலும் உங்கள் போனிலிருந்து நுழைந்து பார்த்த பிறகு கடைசித் தொகையைக் கொடுங்கள்.