ரவுட்டர் முகவரி: ஃபோனுக்கு ஏற்கெனவே தெரியும், எங்கே பார்ப்பது?

கேள்வி: எங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு தெருவுக்கே தெரிந்துவிட்டது, மாற்ற வேண்டும். கம்ப்யூட்டர் கிடையாது, ஆண்ட்ராய்டு ஃபோன் மட்டும்தான். ரவுட்டருக்கு அடியில் இருந்த ஸ்டிக்கர் அழிந்துவிட்டது, போட்டுக் கொடுத்தவரும் ஊரில் இல்லை. ஃபோனில் IP settings-ஐ Static என்று மாற்றிப் பார்த்தேன், Gateway 192.168.1.1 என்று வந்தது. குரோமில் அதை அடித்தால் லாகின் பக்கமும் வருகிறது, ஆனால் எங்கள் ரவுட்டர் கம்பெனியின் பெயர் அதில் இல்லை. கேபிள் வரும் இடத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, ஹாலில் கறுப்பு ரவுட்டர் என்று இரண்டு இருக்கின்றன. ஃபோனில் IP address 192.168.0.104. ரவுட்டரின் சரியான முகவரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் Static திரையிலிருந்து எதையும் சேமிக்காமல் வெளியே வாருங்கள். ஏற்கெனவே Save அழுத்தியிருந்தால் திரும்ப DHCP என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபோனில் இன்டர்நெட் வராமல் போகலாம்.

அந்தத் திரையில் நீங்கள் பார்த்தது உங்கள் ரவுட்டரின் முகவரி அல்ல. ஆண்ட்ராய்டில் Static என்று தேர்ந்தெடுத்ததும் காலியான கட்டங்களுக்குள் மங்கலான சாம்பல் நிறத்தில் சில எண்கள் தெரியும்: IP address என்ற இடத்தில் 192.168.1.128, Gateway-இல் 192.168.1.1, DNS 1-இல் 8.8.8.8. "இந்த மாதிரி நிரப்புங்கள்" என்று காட்டுவதற்காக ஆண்ட்ராய்டுக்குள்ளேயே எழுதிவைத்த மாதிரி எண்கள் இவை. எந்த வீட்டு வைஃபையில் இணைந்திருந்தாலும் இதே எண்கள்தான் வரும். சில கம்பெனிகளின் ஃபோன்களில் மட்டும் உண்மையான எண்களே நிரம்பியிருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி, அதே திரையில் IP address என்ன காட்டுகிறது என்று பார்ப்பதுதான். உங்கள் ஃபோனின் உண்மையான எண் 192.168.0.104. அங்கே 192.168.1.128 என்று மங்கலாகத் தெரிந்தால் பக்கத்தில் இருக்கும் Gateway எண்ணும் மாதிரிதான். இன்னொன்று, IP address கட்டத்தில் நீங்களாகவே ஓர் எண்ணை அடித்தால் Gateway கட்டம் தானாக நிரம்பிக்கொள்வதும் உண்டு. அதையும் நம்ப வேண்டாம். நீங்கள் அடித்த எண்ணின் கடைசிப் பகுதியை 1 ஆக்கி ஃபோன் போட்டுக்கொண்ட ஊகம் அது.

உண்மையான முகவரியைத் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை, ஃபோனுக்கு அது ஏற்கெனவே தெரியும். வைஃபையில் இணைந்த அந்த நொடியிலேயே ரவுட்டர் உங்கள் ஃபோனுக்கு ஓர் எண் கொடுக்கிறது. கூடவே "வெளியே போக வேண்டியதையெல்லாம் இந்த எண்ணுக்கு அனுப்பு" என்று இன்னோர் எண்ணையும் சொல்லிவிடுகிறது. அதுதான் Gateway. அது தெரியாமல் ஃபோனில் ஒரு வலைப்பக்கம்கூடத் திறக்காது. ஆகவே நெட் ஓடுகிறது என்றாலே முகவரி ஃபோனுக்குள் இருக்கிறது.

பார்க்க வேண்டிய இடம் இது. Settings-இல் Network & internet, அதில் Internet அல்லது Wi-Fi, இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் பல்சக்கரக் குறி. அதைத் தொட்டு, திரையைக் கீழே தள்ளுங்கள். Network details என்ற தலைப்பின் கீழ் IP address, Gateway, Subnet mask, DNS என்று வரிசையாக இருக்கும். ரெட்மி போன்றவற்றில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தொட வேண்டும். சாம்சங்கில் பல்சக்கரத்துக்குள் View more இருக்கும், சில மாடல்களில் அங்கே Manage router என்ற வரியும் உண்டு. அதைத் தொட்டால் ரவுட்டரின் பக்கமே திறக்கும், முகவரிப் பட்டையில் எண்ணைப் படித்துக்கொள்ளலாம். வீட்டில் யாரிடமாவது ஐஃபோன் இருந்தால் இன்னும் சுலபம்: Settings, Wi-Fi, பெயருக்குப் பக்கத்தில் உள்ள i குறி. அங்கே Router என்றே ஒரு வரி இருக்கிறது.

இந்தப் பட்டியலில் இரண்டு இடங்களில் கண் தவறும். DNS வரியில் இருப்பதை ரவுட்டர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல வீடுகளில் இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும், ஆனால் 8.8.8.8 போல இருந்தால் அது கூகுளின் சர்வர். fe80 என்று தொடங்கும் நீளமான எழுத்துக்கோவையையும் விட்டுவிடுங்கள், நமக்கு வேண்டியது நான்கு பகுதி எண் மட்டும். "என் ஐபி என்ன" என்று காட்டும் இணையதளங்கள் இந்த வேலைக்கு உதவாது. அவை காட்டுவது வெளியுலகம் உங்களைப் பார்க்கும் எண்ணை, வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டரின் எண்ணை அல்ல.

உங்கள் ஃபோனின் எண் 192.168.0.104 என்பதால் Gateway வரியில் 192.168.0.1 என்று இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. டிபி-லிங்க், டி-லிங்க், டெண்டா ரவுட்டர்கள் பெரும்பாலும் இந்த எண்ணோடுதான் வருகின்றன. ஜியோஃபைபர் வீடுகளில் 192.168.29.1, ஷாவ்மி ரவுட்டர்களில் 192.168.31.1 என்று பார்க்கலாம். ஆனாலும் கடைசி எண் 1 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. 254 என்று வைத்திருக்கும் ரவுட்டர்களும் உண்டு. அதனால் ஊகிப்பதைவிட வரியைப் படிப்பதே மேல்.

சில ஃபோன்களில் Gateway வரியே இருக்காது. அப்போதும் ரவுட்டரையே பேசவைக்க ஒரு வழி இருக்கிறது. Termux என்ற இலவச ஆப்பை நிறுவி, விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தி, மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு இதை அடியுங்கள்:

```
ping -c 1 -t 1 8.8.8.8
```

இணையத்தில் போகும் ஒவ்வொரு பொட்டலமும் வழியில் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்று ஓர் எண்ணைச் சுமந்து போகிறது. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யமானால் பொட்டலத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு "இங்கேயே முடிந்துவிட்டது" என்று தன் முகவரியோடு பதில் அனுப்பும். `-t 1` என்று அந்த எண்ணை ஒன்றாக வைத்ததால் முதல் ரவுட்டரிலேயே அது தீர்ந்துவிடுகிறது. பதில் இப்படி வரும்:

```
From 192.168.0.1: icmp_seq=1 Time to live exceeded
```

From-க்கு அடுத்து இருப்பதுதான் உங்கள் ரவுட்டர். விபிஎன்னை நிறுத்தச் சொன்னதற்குக் காரணம், அது ஓடினால் முதலில் பதில் சொல்வது எங்கோ இருக்கும் விபிஎன் சர்வராக இருக்கும்.

சரி, 192.168.1.1-இல் ஒரு லாகின் பக்கம் வந்ததே, அது என்ன? அது அநேகமாக உங்கள் வெள்ளைப் பெட்டி. ஃபைபர் கேபிளை வாங்கி நெட்டாக மாற்றும் கருவி அது, அதற்கும் தனியாக ஒரு முகவரி உண்டு. ஃபோன் 192.168.1.1-ஐக் கேட்டது, "இது என் வட்டத்தில் இல்லையே" என்று கறுப்பு ரவுட்டர் அதை வெளிப்பக்கம் தள்ளியது, வெளிப்பக்கத்தில் முதலில் இருந்த வெள்ளைப் பெட்டி பதில் சொன்னது. மாதிரி எண்ணும் வெள்ளைப் பெட்டியின் எண்ணும் தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டதால் இவ்வளவு குழப்பம். இதை உறுதிசெய்ய அதே கட்டளையில் ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்:

```
ping -c 1 -t 2 8.8.8.8
```

இப்போது இரண்டாவது ரவுட்டர் பதில் சொல்லும். From 192.168.1.1 என்று வந்தால் வெள்ளைப் பெட்டி அதுதான். அந்தப் பக்கத்தில் பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்து அடிப்பதை நிறுத்திவிடுங்கள், உங்கள் வேலை அங்கே இல்லை. சந்தேகமிருந்தால் கறுப்பு ரவுட்டரின் மின்சாரத்தை அணைத்துப் பாருங்கள். உங்கள் வைஃபை பெயர் பட்டியலிலிருந்து மறைந்தால், பாஸ்வேர்டு மாற்ற வேண்டியது அதில்தான்.

முகவரி கிடைத்ததும் குரோமின் முகவரிப் பட்டையில் `http://192.168.0.1` என்று முழுதாக அடியுங்கள். கூகுள் தேடல் பெட்டியில் அடித்தால் விளம்பரப் பக்கங்கள்தான் வரும். எண் 1-க்குப் பதில் ஆங்கில எழுத்து l விழுந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் முதல் சந்தேகம் மொபைல் டேட்டாமீது. வைஃபையில் நெட் இல்லையென்றோ மந்தமென்றோ தோன்றினால் ஃபோன் சத்தமில்லாமல் சிம் வழியாகப் போய்விடும், அந்த வழியில் உங்கள் வீட்டு ரவுட்டர் இல்லை. அதை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தாலும் பல ரவுட்டர்கள் தம் பக்கத்தைக் காட்டாது, முக்கிய வைஃபைக்கு மாறிக்கொள்ளுங்கள். "பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கை வந்தால் அதற்காகப் பின்வாங்க வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் கருவியின் பக்கத்துக்கு அப்படி வருவது வழக்கம்தான். ஆனால் பக்கத்தில் உங்கள் கறுப்பு ரவுட்டரின் கம்பெனிப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பாஸ்வேர்டு அடியுங்கள்.

இங்கே கேட்கும் பாஸ்வேர்டு வைஃபை பாஸ்வேர்டு அல்ல, ரவுட்டரின் நிர்வாகத்துக்கு உரியது. போட்டுக் கொடுத்தவருக்கு ஃபோன் செய்து கேட்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் பின்பக்கம் இருக்கும் ரீசெட் பட்டனைச் சுமார் 10 நொடி அழுத்திப் பிடித்தால் ரவுட்டர் புதிதாக வாங்கிய நிலைக்குப் போய்விடும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும் என்பதால் அதற்கு முன் இரண்டாவது ping-இன் விடையைத் திரும்பப் பாருங்கள். 192.168.1.1 என்று வந்திருந்தால் நெட் கம்பெனியோடு இணையும் வேலையை வெள்ளைப் பெட்டியே செய்கிறது, கறுப்பு ரவுட்டரை அழித்தாலும் பெரும்பாலும் நெட் தானாகத் திரும்பிவிடும். வேறு ஏதாவது எண் வந்தால், கம்பெனி கொடுத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் கறுப்பு ரவுட்டருக்குள் இருக்க வாய்ப்பு உண்டு. அவற்றைக் கம்பெனியிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்ட பிறகே ரீசெட் பட்டனில் கை வையுங்கள்.