இருட்டில் அந்த 0.9 வோல்ட் எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

நான் இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி. சூரிய மின்கலத்தில் பி-என் சந்தியில் இருக்கும் மின்புலம்தான் எலக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை மறுபக்கமும் தள்ளி மின்னோட்டத்தை உண்டாக்குகிறது என்று படித்தோம். அந்தப் புலம் இருட்டிலும் இருக்கிறதே, அப்போது ஏன் மின்னோட்டம் வரவில்லை? இன்னொன்று. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட், ஆனால் ஒரு கலம் 0.6, 0.7 வோல்ட்டுக்கு மேல் தருவதில்லை. மிச்சம் எங்கே போகிறது?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் சந்தேகம் நியாயமானது. மின்புலம்தான் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது என்ற வாக்கியத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால் இருட்டிலும் மின்சாரம் வந்தாக வேண்டும். வருவதில்லை என்பதால் அந்த வாக்கியத்தில்தான் கோளாறு. ஒரு கலத்தை எண்களோடு எடுத்துக்கொண்டு பார்ப்போம், அதுவே தெளிவான வழி.

170 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் தகடு. பெரும்பகுதி போரான் கலந்த பி-வகை, ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁶ அணுக்கள். மேலே மிக மெல்லிய அடுக்காக பாஸ்பரஸ் கலந்த என்-வகை, அதில் 10¹⁹. மாசு கலக்காத சிலிக்கானில் அறை வெப்பநிலையில் எலக்ட்ரான்களின் அடர்த்தி சுமார் 10¹⁰. kT/q என்பது 0.0259 வோல்ட். சந்தியின் மின்னழுத்த அரண் இப்படி வரும்:

```
V_bi = (kT/q) ln(N_A N_D / n_i²)
     = 0.0259 × ln(10¹⁵) ≈ 0.89 V
```

இந்தக் கலத்தைக் கறுப்புத் துணியால் மூடி, இரு முனைகளிலும் வோல்ட்மீட்டரை வையுங்கள். பூஜ்யம்தான் காட்டும். 0.89 வோல்ட் உள்ளே இருப்பது உண்மை, ஆனால் அது ஒரு சமநிலையின் விளைவு. என் பக்கம் எலக்ட்ரான்கள் நெருக்கமாக இருப்பதால் பி பக்கம் விரவப் பார்க்கின்றன, புலம் அதே அளவுக்குத் திருப்பி இழுக்கிறது. விரவல் மின்னோட்டமும் இழுப்பு மின்னோட்டமும் ஒன்றையொன்று சரியாக அழித்துக்கொள்கின்றன. வோல்ட்மீட்டர் அளப்பது மின்னழுத்தத்தை மட்டுமல்ல, விரவும் போக்கையும் சேர்த்த மொத்தத்தை, அதாவது ஃபெர்மி மட்டத்தின் வித்தியாசத்தை. இருட்டில் ஃபெர்மி மட்டம் கலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கோடு. உலோகமும் சிலிக்கானும் தொடும் இடங்களில் இருக்கும் சிறு மின்னழுத்தங்களையும் கூட்டிப் பார்த்தால் சுற்று முழுவதற்கும் பூஜ்யம் வந்துவிடும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். இந்தச் சந்தியில் புலம் இருக்கும் இயக்கமில்லாப் பகுதியின் அகலம் சுமார் 0.34 மைக்ரோமீட்டர். தகட்டின் தடிமனில் ஐந்நூறில் ஒரு பங்கு. 800 நானோமீட்டர் அலைநீள ஒளி சிலிக்கானுக்குள் பத்து மைக்ரோமீட்டருக்கும் மேல் ஊடுருவும், 1000 நானோமீட்டர் ஒளி நூறுக்கும் மேல். ஆக, பெரும்பாலான எலக்ட்ரான்கள் பிறக்கும் இடத்தில் புலமே கிடையாது. அப்படியிருக்க அவற்றைத் தள்ளியது எது?

இங்கேதான் ஆற்றல் இடைவெளி வருகிறது. 1.12 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் உள்ள ஃபோட்டான், அதாவது ஏறக்குறைய 1100 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம், ஒரு எலக்ட்ரானை இணைதிறன் பட்டையிலிருந்து கடத்தும் பட்டைக்கு ஏற்றிவிடுகிறது, கீழே ஒரு துளை மிஞ்சுகிறது. இது மட்டும் என்றால் உலோகத்திலும் ஒளி எலக்ட்ரானை மேலே ஏற்றத்தான் செய்கிறது. ஆனால் உலோகத்தில் ஆற்றல் மட்டங்கள் தொடர்ச்சியாக இருப்பதால், ஏறியது சறுக்குமரத்தில் வருவதுபோல ஒரு பிக்கோ நொடி அளவிலேயே கீழே வந்துவிடும். சிலிக்கானிலும் ஏறிய எலக்ட்ரான் அதே வேகத்தில்தான் சறுக்குகிறது, ஆனால் கடத்தும் பட்டையின் அடிமட்டம் வரை மட்டும். அதற்குக் கீழே 1.12 எலக்ட்ரான் வோல்ட் உயரத்துக்குக் கால் வைக்க இடமே இல்லை. அங்கேயே நின்றுவிடுகிறது. நல்ல சிலிக்கானில் சராசரியாக 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலுமோ அப்படி நிற்கும், பிக்கோ நொடியோடு ஒப்பிட்டால் பத்துக் கோடி மடங்கு. ஆற்றல் இடைவெளி செய்யும் மிகப் பெரிய வேலை இந்தக் காத்திருப்பு என்பது என் எண்ணம்.

இப்போது வெயிலில் வைப்போம். நம் கலத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் நொடிக்கு 2.5 × 10¹⁷ எலக்ட்ரான்-துளை ஜோடிகள் உருவாகின்றன என்று கொள்ளலாம், மின்னோட்டமாகச் சொன்னால் 40 மில்லி ஆம்பியர். தகட்டின் தடிமனில் சீராகப் பரப்பினால் கன சென்டிமீட்டருக்கு நொடிக்கு 1.5 × 10¹⁹ ஜோடிகள். கம்பி எதையும் இணைக்கவில்லை, எனவே அவை மீண்டும் இணைந்துதான் அழிய வேண்டும். ஆயுள் 100 மைக்ரோ நொடி என்றால் எந்த நேரத்திலும் 1.5 × 10¹⁵ எலக்ட்ரான்கள் கூடுதலாக இருக்கும். பி பக்கம் இருட்டில் எலக்ட்ரான்களின் அடர்த்தி எவ்வளவு தெரியுமா? வெறும் 10⁴. பதினைந்தாயிரம் கோடி மடங்கு ஏறிவிட்டது! அதே எண்ணிக்கையில் துளைகளும் கூடின, ஆனால் ஏற்கெனவே 10¹⁶ இருந்த கூட்டத்தில் அது பதினைந்து சதவீதம்தான்.

தள்ளுவது இந்த மிதமிஞ்சிய கூட்டம். எலக்ட்ரான்களுக்கு ஒரு ஃபெர்மி மட்டமும் துளைகளுக்கு ஒரு ஃபெர்மி மட்டமும் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டன, அந்தப் பிரிவுதான் வோல்ட்மீட்டர் காட்டும் எண்:

```
V = (kT/q) ln(n p / n_i²)
  = 0.0259 × ln(1.5×10¹⁵ × 1.15×10¹⁶ / 10²⁰)
  ≈ 0.67 V
```

கூட்டம் தள்ளினால் மட்டும் போதாது, எலக்ட்ரான் ஒரு வாசலாலும் துளை இன்னொரு வாசலாலும் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே கம்பிக்குப் போய்ச் சேர்ந்து நிகர மின்னோட்டம் பூஜ்யமாகிவிடும். சந்தியின் வேலை அதுதான். பி பக்கத்தில் பிறந்த எலக்ட்ரான் எந்தத் திசையும் தெரியாமல் விரவி அலைகிறது. நம் கலத்தில் 100 மைக்ரோ நொடிக்குள் சராசரியாக 550 மைக்ரோமீட்டர் தூரம் பரவ முடியும், தகட்டைவிட மூன்று மடங்குக்கும் மேல், எனவே சந்தியின் விளிம்பை எப்படியும் தொட்டுவிடும். தொட்டதும் அதற்கு அது இறக்கம், என் பக்கம் விழுந்துவிடுகிறது. அதே இடத்துக்கு வரும் துளைக்கு அது ஏற்றம், திரும்பிப் போகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எலக்ட்ரான் அந்த இறக்கத்தில் விழும்போது ஆற்றலை இழக்கிறது, பெறுவதில்லை. இழந்தது படிகத்தைச் சூடாக்குகிறது. இரு முனைகளையும் நேராகக் கம்பியால் இணைத்துவிட்டால் 40 மில்லி ஆம்பியரும் பாயும், ஆனால் ஒவ்வொரு எலக்ட்ரானும் முழு 0.89 வோல்ட் இறக்கத்தில் விழுந்து வெப்பமாகிவிடும், வெளியே ஒரு வாட்டும் கிடைக்காது. அந்த நிலையில்தான் புலம் மிகப் பெரிதாக இருக்கிறது. புலம்தான் ஆற்றல் தருகிறது என்றால் இது நேர்மாறாக இருந்திருக்க வேண்டும்.

சரி, கம்பிக்கும் திறந்த சுற்றுக்கும் நடுவே ஒரு மின்தடையை வைத்தால்? எலக்ட்ரான்கள் உடனே வெளியேற முடியாமல் என் பக்கம் சேர்கின்றன, துளைகள் பி பக்கம் சேர்கின்றன, அரண் குறைகிறது. அரண் குறைந்தால் என் பக்கத்து எலக்ட்ரான்களில் சில திரும்ப ஏறி பி பக்கம் வந்து அழிகின்றன. டையோடு சமன்பாட்டில் கழிக்கப்படும் பகுதி இதுதான்:

```
J = J_L − J_0 [exp(qV/kT) − 1]
```

நம் எண்களுக்கு J_0 சுமார் 2.3 × 10⁻¹³ ஆம்பியர் வரும். 0.40 வோல்ட்டில் திரும்பி ஓடுவது ஒரு மைக்ரோ ஆம்பியர் சொச்சம், கணக்கிலேயே இல்லை. 0.59 வோல்ட்டில் ஏறக்குறைய 2 மில்லி ஆம்பியர், மீதி 38 வெளியே வருகிறது, இங்கேதான் திறன் உச்சம், 22 மில்லி வாட்டுக்குச் சற்று மேல். அப்போது மிஞ்சியிருக்கும் இறக்கம் 0.30 வோல்ட் மட்டுமே. இன்னும் 0.08 வோல்ட் ஏற்றினால் 40-உம் திரும்பி ஓடிவிடும். (உண்மைக் கலத்தில் கம்பிகளின் தடையும் பரப்புகளில் நடக்கும் மறு இணைவும் சேர்ந்து இதைவிடச் சற்றுக் குறைக்கும், இரண்டையும் இங்கே விட்டுவிட்டேன்.)

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை ஏற்கெனவே பாதி வந்துவிட்டது. கடத்தும் பட்டையின் அடியில் எலக்ட்ரான்களுக்குப் பயன்படும் நிலைகள் கன சென்டிமீட்டருக்கு 2.8 × 10¹⁹ அளவுக்கு இருக்கின்றன, இருக்கும் எலக்ட்ரான்களோ 1.5 × 10¹⁵. இவ்வளவு காலி இடத்தில் சிதறிக் கிடப்பதால் அவற்றின் ஃபெர்மி மட்டம் பட்டையின் அடியிலிருந்து kT ln(2.8×10¹⁹ / 1.5×10¹⁵), அதாவது 0.25 எலக்ட்ரான் வோல்ட் கீழே நிற்கிறது. துளைகளுக்கும் இதே கணக்குப் போட்டால் 0.20 வரும். 1.12-இல் இரண்டையும் கழித்தால் 0.67. இது என்ட்ரோபிக்குப் போகும் பங்கு. இடைவெளி முழுவதும் வோல்ட்டாக வேண்டும் என்றால் கூட்டம் அந்த நிலைகளையெல்லாம் நிரப்பும் அளவுக்கு நெருக்கமாக வேண்டும், சாதாரண வெயிலில் அது நடக்காது.

ஆயுள் என்ற அந்த ஒரு எண்ணில் எவ்வளவு தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலிக்கானில் இரும்பு போன்ற மாசு மிகச் சிறிதளவு கலந்தாலும் இடைவெளியின் நடுவே கால் வைக்க ஒரு படி கிடைத்துவிடுகிறது, மேலே நின்ற எலக்ட்ரான் அதன் வழியே இறங்கித் துளையோடு சேர்ந்துவிடும். ஆயுள் 100-இலிருந்து 10 மைக்ரோ நொடியானால் திறந்த சுற்று மின்னழுத்தம் 0.61 வோல்ட்டாகக் குறையும், ஆனால் எலக்ட்ரான் இன்னமும் 170 மைக்ரோமீட்டருக்கு மேல் போக முடிவதால் மின்னோட்டம் பெரிதாகக் குறையாது. 1 மைக்ரோ நொடியானால் 0.55 வோல்ட், அதோடு பரவும் தூரமும் 55 மைக்ரோமீட்டருக்குச் சுருங்கிவிடும், அப்புறம் தகட்டின் அடியில் பிறந்தவை சந்திக்கு வந்து சேரா. அத்தகைய கலத்தில் நீல ஒளி விழுந்தால் மின்னோட்டம் ஏறக்குறைய பழையபடியே இருக்கும், அது மேற்பரப்பிலேயே உறிஞ்சப்படுகிறது. 1000 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில் மட்டும் விழுந்துவிடும். சந்தியும் அதன் 0.89 வோல்ட்டும் இரண்டு கலங்களிலும் ஒன்றுதான்.