தலைக்குக் குளித்தால் ஏன் தலைவலி வருகிறது?

"ஈரத் தலையோடு இருந்தாலே எனக்குத் தலை வலிக்கிறது. நீர் கோத்துக்கொள்கிறது என்கிறார் அம்மா. உண்மையா?"

வலி உண்மைதான். ஆனால் தண்ணீர் தோலையும் மண்டையோட்டையும் தாண்டி உள்ளே போய்த் தேங்காது. சளி பிடிப்பதும் வைரஸால்தான், ஈரத்தால் அல்ல.

ஈரம் ஆவியாகும்போது தலைத்தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். அந்தக் குளிர்ச்சி தலைத்தோலின் நரம்புகளைத் தூண்டி வலியாகிறது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் வரலாம்.

நீளக் கூந்தல் என்றால் இன்னொன்றும் உண்டு. நீரில் ஊறிக் கனத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டால், அந்த எடை முழுவதும் வேர்க்கால்களை இழுக்கும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

எது காரணம் என்று நீங்களே பார்க்கலாம். ஒரு நாள் விசிறியை அணைத்துத் தலையை உலர்த்துங்கள். குளிரால் வந்த வலி அரை மணி நேரத்தில் போய்விடும். இன்னொரு நாள் முடியை அவிழ்த்துவிடுங்கள். இழுப்பால் வந்தது என்றால் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்.

அப்புறம், குளிக்கும்போதே திடீரென இடி விழுந்தாற்போல் கடும் வலி வந்தால் வீட்டில் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.