முதல் நாள் பாஸ்வேர்ட் சுற்றிச் சுற்றி வருகிறதா? கேட்டவையும் பதில்களும்

கோலாலம்பூரில் ஒரு கம்பெனியின் ஐடி பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேருபவர்களுக்குக் கணக்கு திறந்து கொடுப்பது என் வேலை. விண்டோஸ் டொமைன், அதாவது எல்லோருடைய கணக்கையும் சர்வரே பொதுவாகப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு, உள்ள அலுவலகங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸ், புதிய ஊழியர்: அண்ணே, இன்றுதான் வேலையில் சேர்ந்தேன். ஐடி ஒரு சீட்டில் பாஸ்வேர்ட் எழுதித் தந்தார்கள். அதைப் போட்டால் மாற்றச் சொல்கிறது. மாற்றினால் மறுபடியும் அதே திரை. காலையிலிருந்து ஏழு தடவை. நான் என்ன தப்பு செய்கிறேன்?

தங்கச்சி, நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. முதலில் ஒன்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அந்தத் திரை திரும்புவதற்கு முன் நடுவில் ஒரு வரி வருகிறதே, அது என்ன சொல்கிறது? ஏழு தடவை OK அழுத்திய வேகத்தில் அதைப் படித்திருக்க மாட்டீர்கள். எட்டாவது தடவை போனில் படம் எடுத்து வையுங்கள்.

`Your password has been changed` என்று வந்த பிறகும் திரும்பக் கேட்டால் அது ஒரு வகை. அந்த வரியே வராமல் `Unable to update the password` என்று தொடங்கும் நீளமான வரி வந்தால் அது வேறு வகை. பின்னதில் பாஸ்வேர்ட் மாறவே இல்லை. சர்வர் மறுத்துவிட்டு, நீங்கள் நின்ற இடத்துக்கே திருப்பி அனுப்புகிறது. முதல் நாளில் நான் பார்ப்பவற்றில் பெரும்பாலும் இதுதான்.

அவரே மீண்டும்: படம் எடுத்தேன் அண்ணே. `The value provided for the new password does not meet the length, complexity, or history requirements of the domain` என்று வருகிறது. ஆனால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி நாலும் போட்டிருக்கிறேனே! பத்து எழுத்துக்கு மேலும் இருக்கிறது.

புதிய பாஸ்வேர்டில் அப்பா பெயர் இருக்கிறதா?

காரணத்தோடுதான் கேட்கிறேன். விண்டோஸ் டொமைனில் கடுமை விதி போட்டிருந்தால், பாஸ்வேர்டுக்குள் உங்கள் பெயர் வரக்கூடாது. லாகின் பெயரை மட்டுமல்ல, கணக்கில் பதிந்திருக்கும் முழுப்பெயரையும் அது பார்க்கும். இடைவெளி, கமா, புள்ளி, கோடு இருக்கும் இடங்களில் அந்தப் பெயரைத் துண்டு துண்டாக வெட்டும். மூன்று எழுத்தோ அதற்கு மேலோ உள்ள எந்தத் துண்டும் பாஸ்வேர்டுக்குள் இருந்தால் மறுத்துவிடும். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்றும் பார்க்காது.

நம் ஊரில் பெயரை எப்படிப் பதிகிறார்கள்? மைகார்டில் உள்ளபடியே. ஒரு பெண்ணின் கணக்கில் `Kavitha a/p Murugan` என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் `Murugan@2611` என்று போடுகிறார். பன்னிரண்டு எழுத்து, நான்கு வகையும் உண்டு. நம்மைப் பொறுத்தவரை அது அப்பாவின் பெயர், சாமியின் பெயர். சர்வருக்கோ அது அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரில் ஒரு துண்டு. மறுக்கிறது. அடுத்து `murugan#KL88` போடுகிறார். அதையும் மறுக்கிறது. கூடக் கூட எண்ணும் குறியும் சேர்த்துப் பார்க்கிறார், பெயரை மட்டும் விடுவதில்லை. நீளம், கடுமை, பழைய பாஸ்வேர்ட் என மூன்றில் எது தடுக்கிறது என்று அந்த வரியும் சொல்லாது. எத்தனையோ பேர் இதே இடத்தில் கண் கலங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சீட்டின் பின்பக்கம் இந்த ஒரு விதியை எழுதிக் கொடுத்திருந்தால் போதும்.

உங்கள் பெயரோ அப்பா பெயரோ இல்லாத, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து, நடுவில் ஓர் எண்ணும் ஒரு பெரிய எழுத்தும் வையுங்கள். சீட்டில் உள்ள பாஸ்வேர்டையே புதியதாகக் கொடுக்காதீர்கள், அதையும் ஏற்காது. குறைந்த நீளம் எவ்வளவு என்று ஐடியிடம் கேளுங்கள். டொமைன் தானாகத் தரும் அளவு 7தான், ஆனால் பல இடங்களில் கூட்டி வைத்திருப்பார்கள்.

அவரே: அண்ணே, போய்விட்டது! அப்பா பெயர்தான். உள்ளே வந்துவிட்டேன்.

நல்லது தங்கச்சி. அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

செந்தூல், அனுபவமுள்ளவர்: இதற்கு இவ்வளவு விளக்கம் தேவையா? பிரவுசர் கேஷை அழித்தால் சரியாகிவிடும். எங்கள் ஆபீசில் அப்படித்தான் செய்தோம்.

உங்கள் ஆபீசில் சரியானது உண்மைதான் சார். ஆனால் அது பிரவுசரில் திறக்கிற சம்பளச் சீட்டு, லீவு விண்ணப்பம் போன்ற தளமாக இருந்திருக்கும். அங்கே பிரவுசர் டெம்பரரி பாஸ்வேர்டைச் சேமித்து வைத்துக்கொண்டு, மாற்றிய பிறகும் பழையதையே கட்டத்தில் நிரப்பும். சேமித்ததை அழித்தால், அல்லது தனி ஜன்னலில் திறந்து கையால் தட்டினால், வழி பிறக்கும். இந்தத் தங்கச்சி நின்றது விண்டோஸ் திறக்கும் முன் வருகிற திரையில். அங்கே பிரவுசரே கிடையாது.

கிள்ளான், ஓய்வுபெற்றவர்: தம்பி, என் வீட்டு லேப்டாப்பில் நாலு எண் பின் மறந்துவிட்டது. இதே வழிதானா?

இல்லை ஐயா, அது வேறு. பின் என்பது அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டும் உரியது. பின் கட்டத்தின் கீழே `I forgot my PIN` என்று இருக்கும். இணையத்தை இணைத்துக்கொண்டு அதை அழுத்தி, உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் புதிய பின் வைக்கலாம்.

ஜார்ஜ்டவுன், ஜூனியர் ஐடி: அண்ணே, எனக்கு நீங்கள் சொன்ன முதல் வகை. புதிதாகச் சேர்ந்த அக்காவுக்கு `Your password has been changed` என்றே வருகிறது. உள்ளேயும் போகிறார். லாக் அவுட் செய்து திரும்ப வந்தால் மறுபடியும் மாற்றச் சொல்கிறது. என் சீனியர் சர்வர் ரெப்ளிகேஷன் தாமதம் என்கிறார். ஒரு நாள் பொறுத்தால் சரியாகுமா?

சீனியர் சொல்வதில் பாதி சரி. கோலாலம்பூரில் ஒரு சர்வர், பினாங்கில் ஒரு சர்வர் என்றிருந்தால் ஒன்றில் மாறியது மற்றொன்றுக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். தளங்களுக்கு இடையே இயல்பான இடைவெளி 180 நிமிடம். ஆனால் அதுதான் காரணம் என்றால் ஒரு நாளில் தானே அடங்கிவிடும். இரண்டாம் நாளும் கேட்கிறதென்றால் தேட வேண்டியது வேறு. ஊகிக்க வேண்டாம், பவர்ஷெல்லில் இரண்டு சர்வரிடமும் நேராகக் கேளுங்கள்:

```
Get-ADUser kavitha -Server DC-KL -Properties pwdLastSet
Get-ADUser kavitha -Server DC-PNG -Properties pwdLastSet
```

பெயர்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். `pwdLastSet` 0 என்றிருந்தால், அடுத்த தடவை மாற்றியே ஆக வேண்டும் என்ற குறி இன்னும் நிற்கிறது என்று அர்த்தம். நீளமான எண் இருந்தால் மாற்றம் பதிந்துவிட்டது. ஒன்றில் 0, மற்றதில் எண் என்றால் சீனியர் சொன்னதுதான்.

இரண்டிலும் 0 என்றால் யாரோ அந்தக் குறியைத் திரும்பப் போடுகிறார்கள். எனக்கே நடந்திருக்கிறது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பெண்ணுக்கு மூன்று நாள் இப்படியே போனது. காலை 9.10க்கு மாற்றுவார், பத்து மணிக்குள் மறுபடியும் கேட்கும். அவர் மறதிக்காரர் என்று சொல்லி அனுப்பினோம். அது எங்கள் தவறு. பிறகு டொமைன் சர்வரின் செக்யூரிட்டி லாக்கைத் திறந்தேன். அவர் தானே மாற்றியதற்கு 4723 என்ற நிகழ்வு எண் ஒவ்வொரு தடவையும் பதிந்திருந்தது, எல்லாம் வெற்றி. அதற்குப் பின்னாலேயே கணக்கு திருத்தப்பட்டதாக ஒரு 4738. அதற்குள் `Password Last Set: <never>` என்று இருந்தது. நேரத்தைப் பார்த்தால் 9.30, 10.00, 10.30. இவ்வளவு ஒழுங்காக மனிதர் யாரும் செய்ய மாட்டார்.

செய்தவர் பெயர் இருக்கும் வரியில் ஒரு சர்வீஸ் கணக்கு. எச்ஆர் பட்டியலைப் படித்துக் கணக்கு திறக்கும் ஸ்கிரிப்ட் அது, அரை மணிக்கு ஒரு முறை ஓடும். பட்டியலில் ‘புதியவர்’ என்றிருக்கும் எல்லோருக்கும் அந்தக் குறியைப் போடும். ஏற்கெனவே போட்டாயிற்றா என்று பார்ப்பதே இல்லை. மற்றவர்களை எச்ஆர் முதல் நாளே ‘செயலில்’ என்று மாற்றிவிட்டதால் அவர்களுக்குத் தெரியவில்லை. இவருடைய ஒரு பத்திரம் பாக்கி இருந்ததால் இவர் மட்டும் ‘புதியவர்’ ஆகவே மூன்று நாள் இருந்தார். கணக்கு திறக்கும் அந்த ஒரு நேரத்தில் மட்டும் குறி போடும்படி ஸ்கிரிப்டைத் திருத்தினோம், நின்றுவிட்டது.

4738உடன் 4724உம் தெரிந்தால், யாரோ பாஸ்வேர்டையே ரீசெட் செய்கிறார்கள். அதிலும் செய்தவர் பெயர் இருக்கும். உதவ நினைத்த இன்னொரு ஐடி நண்பராகவும் இருக்கலாம்.

சுங்கை பட்டாணி, வீட்டிலிருந்து வேலை: எனக்கு லேப்டாப் இன்னும் வரவில்லை. சொந்த கம்ப்யூட்டரில் விபிஎன் போட்டு ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையச் சொன்னார்கள். பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்கிறது, மாற்றும் கட்டமே வரவில்லை.

வராது. பெரும்பாலான இடங்களில் ரிமோட் டெஸ்க்டாப், திரையைக் காட்டும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்த்துவிடும். மாற்ற வேண்டிய பாஸ்வேர்ட் அந்த வாசலைத் தாண்டாது, மாற்றும் கட்டமோ வாசலுக்கு உள்ளே இருக்கிறது. நீங்கள் எத்தனை தடவை முயன்றாலும் பலனில்லை. ஐடியைக் கூப்பிட்டு அந்தக் குறியை எடுத்துவிடச் சொல்லுங்கள். உள்ளே போனதும் Ctrl+Alt+End அழுத்தி நீங்களே மாற்றுங்கள். டொமைனில் ஒரு பாஸ்வேர்ட் குறைந்தது ஒரு நாள் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தால் அன்றைக்கு மாற்ற விடாது, அதே `Unable to update` வரி வரும். அப்படி வந்தால் மறுநாள் மாற்றுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ், எச்ஆர்: எங்கள் ஆட்கள் பலர் டெம்பரரி பாஸ்வேர்டே தப்பு என்கிறார்கள். நான் வாட்ஸ்அப்பில் சரியாகத்தான் அனுப்புகிறேன்.

அக்கா, அனுப்பியதை ஒரு தடவை போனில் பாருங்கள். பெரிய I, சின்ன l, எண் 1 மூன்றும் ஒரே கோடாகத் தெரியும். O, 0 கதையும் அதேதான். இந்த எழுத்துகள் வராத பாஸ்வேர்டாகத் தரச் சொல்லுங்கள். லேப்டாப் கீபோர்ட் பிரிட்டிஷ் அமைப்பில் இருந்தால் @ அழுத்தினால் " விழும். லாகின் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பிடித்தால் என்ன விழுகிறது என்று தெரியும். இந்தச் சிக்கலில் திரும்பத் திரும்பப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

கோலாலம்பூர், புதிய ஊழியர்: நான் முதலில் போனில் கம்பெனி மெயிலைத் திறந்து அங்கேயே பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். போனில் புதியது வேலை செய்கிறது. லேப்டாப்பில் புதியது தப்பு என்கிறது, சீட்டில் உள்ளதைப் போட்டால் மாற்றச் சொல்கிறது.

மைக்ரோசாப்ட் கிளவுடில் மாறியது உங்கள் ஆபீஸ் சர்வருக்கு வரவில்லை. திருப்பி எழுதும் வசதி அங்கே திறக்கப்படாமல் இருக்கலாம். ஐடி உங்கள் டெம்பரரி பாஸ்வேர்டை Microsoft 365 admin center வழியாகப் போட்டிருந்தாலும் அது ஆபீஸ் சர்வருக்கு எழுதப்படாது. ஆனால் சீட்டில் உள்ளதை லேப்டாப் ஏற்கிறது என்பதால் எனக்கு முதல் காரணத்தின் மேல்தான் சந்தேகம். இப்போதைக்கு லேப்டாப்பில் மாற்றும்போது போனில் வைத்த அதே பாஸ்வேர்டைக் கொடுத்துப் பாருங்கள். பாஸ்வேர்ட் ஒத்திசைவு உள்ள இடத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். அதன் பிறகும் போனில் மாற்றச் சொன்னால், எந்த வழியில் ரீசெட் செய்தார்கள் என்று ஐடியிடம் கேட்டு எழுதுங்கள். அது தெரியாமல் மேலே சொல்ல முடியாது.